காசு யாரிடம் வாங்குவது?

கான்சாபுரத்தில் ஒருவர் வாட்ஸ்அப் குழு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் மில்லில் ஆள் தேவை, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடி வீடு வாடகைக்கு, ஆடிப்பூரத் தேருக்கு எந்தத் தெரு அடைப்பு என்று தினமும் சேதி வரும். ஆனால் எல்லோரையும் எழுதவிட்டால், காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு நடுவே வேலைச் சேதி காணாமல் போகும். அட்மின் மட்டும் பதிவிடுவதுதான் நல்லது.

சரி, வருமானம்? சென்னையில் 1994-ல் தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ் இலவச வாரப் பத்திரிகை. அந்தப் பேட்டை விளம்பரங்களே அதற்குச் சோறு போட்டன. அமெரிக்காவின் கிரெய்க்ஸ்லிஸ்ட்டில் வேலை தேடுபவருக்குக் கட்டணம் இல்லை. ஆள் தேடும் முதலாளிதான் கட்டுகிறார்.

நம்மவரும் ஆள் தேடும் கடைக்காரர், வீட்டுத் தரகர் இவர்களிடம் மட்டும் பதிவுக்கு 50 ரூபாய் வாங்கலாம். வாரம் பத்துப் பதிவு என்றால் மாதம் 2000 ரூபாய். பிழைப்புக்குப் போதாது, டீச்செலவுக்கு ஆகும்!

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்குப் போய்விட்ட வீட்டுக்கு அடுத்த வாரமும் ஆட்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சொச்சம் தாண்டினால் எல்லோருக்குமாக அழிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பதிவிலும் கடைசித் தேதி போடவேண்டும். வீடு போனதும் அந்தப் பதிவுக்கே பதிலாக 'முடிந்தது' என்று எழுதவேண்டும். இன்னொன்று, 'முன்பணம் கட்டினால் வேலை' என்று வரும் பதிவை, 500 ரூபாய் கொடுத்தாலும் போடக்கூடாது.