தீபாவளிக் கடையில் ஒரு நாளின் அளவு

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் மிட்டாய்க் கடைக்கு வருபவர்கள், அங்கே ஒரு பலகையைப் பார்த்திருக்கலாம். 'ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய ஆர்டர்கள் முடிந்துவிட்டன' என்று அதில் எழுதியிருக்கும். உள்ளே அடுப்புகள் எரிகின்றன. தட்டுத் தட்டாக இனிப்பு குவிந்திருக்கிறது. இருந்தும் முடிந்துவிட்டது என்கிறார்களே, இது என்ன நியாயம் என்று சிலர் கோபிப்பதும் உண்டு. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய கடையைப் பல ஆண்டுகளாக நடத்தி வருபவன் என்ற முறையில், அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கணக்கை இன்று உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலையிலேயே பிறந்துவிடுகிறது. எண்ணெய் நீராடி, புத்தாடை அணிந்து, இனிப்பைக் கையில் எடுக்கும் நேரம் சூரியன் உதிக்கும் நேரம். ஆகவே முந்திய நாள் மாலைக்குள் வீடு போய்ச் சேராத பெட்டியினால் யாருக்கும் பயன் இல்லை. வாரம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய கூட்டம் ஓரிரு நாட்களில் நெருக்குவதற்கு இதுவே காரணம்.

'முன்கூட்டியே செய்து வைத்துக் கொள்ளக் கூடாதா?' என்று கேட்கலாம். இனிப்புக்கு ஆயுள் உண்டு. 2020 அக்டோபர் 1 முதல், பெட்டியில் அடைக்காமல் விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. விதியை விடுங்கள், நாள்பட்ட ஜாங்கிரியைக் குழந்தை கூட ஒரு கடியில் கண்டுபிடித்துவிடும். எனவே ஞாயிறு கொடுக்க வேண்டிய ஜாங்கிரியை நாங்கள் சனிக்கிழமை சுடுகிறோம்.

இனி, ஒரு நாளின் அளவு எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்போம். எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது நான்கு வகை இனிப்பு கலந்த ஒரு கிலோப் பெட்டி. லட்டு, மைசூர்பாகு, பாதுஷா, ஜாங்கிரி ஆகிய நான்கும் அதில் இருக்கும். முதல் மூன்றையும் ஒரு நாளில் முந்நூறு பெட்டிகளுக்கு வேண்டிய அளவு செய்துவிடலாம். அவற்றிற்கு அடுப்பும் வேறு, ஆட்களும் வேறு. ஆனால் ஜாங்கிரி அப்படியல்ல. உளுந்து மாவைத் துணியில் கட்டி, கொதிக்கும் எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிவது ஒரே ஒரு சரக்கு மாஸ்டரின் கை. வாணலியில் ஓர் ஈட்டுக்கு 24 விழும். பிழிந்து, திருப்பி, வெந்ததும் பாகில் அமிழ்த்தி எடுத்து, மணிக்கு ஐந்து ஈடு என்பதே நிதானமான வேகம். அதாவது 120 ஜாங்கிரி. கிலோவுக்கு 20 என்றால் 6 கிலோ. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வேலை என்றாலும், மாவு அரைக்க, எண்ணெய் மாற்ற, கையை ஆற்ற, உண்ண என்று கழித்தால் உண்மையில் பிழியும் நேரம் எட்டு மணி. ஆக 48 கிலோ.

இதில் உடைந்தும் சிதைந்தும் போவதற்கு 4 கிலோ ஒதுக்குகிறேன். கடைக்கு நேரில் வந்து வாங்குவோருக்கு 8 கிலோ. மிச்சம் 36 கிலோ. பெட்டிக்கு நான்கு ஜாங்கிரி, அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக 200 கிராம். எனவே 180 பெட்டி. மற்ற மூன்று இனிப்பும் முந்நூறு பெட்டிக்கு இருந்து என்ன? நான்காவது இனிப்பு 180 பெட்டிக்குத்தான் இருக்கிறது. கலந்த பெட்டியின் அளவை நிர்ணயிப்பது அதில் மிக மெதுவாகத் தயாராகும் பண்டமே.

இன்னொரு வாணலி வைத்தால் ஆகாதா? வாணலி கிடைக்கும், பிழியும் கை கிடைக்காது. அந்த வாரத்தில் எல்லா மாஸ்டர்களும் எங்கேனும் ஓர் அடுப்பின் முன் நிற்கிறார்கள். அவசரப்படுத்தினாலோ, பண்டமே காட்டிக் கொடுத்துவிடும். ஓர் ஈட்டில் நாற்பதைத் திணித்தால் எண்ணெயின் சூடு இறங்கி, ஜாங்கிரி எண்ணெயைக் குடிக்கும். தீயை ஏற்றினால் வெளியே சிவந்து, உள்ளே பாகு ஏறாமல் நிற்கும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். நடுவே வெளுத்து உலர்ந்திருந்தால் அங்கே அளவு மீறப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அளவு இப்படி என்றால், நேரம் எப்படி? அதைப் பின்னோக்கி எண்ண வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பெட்டிகள் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் அடுக்கினால் 180 பெட்டிக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆகையால் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டும். ஜாங்கிரியை வெதுவெதுப்பாக அடைத்தால் ஆவி மூடியில் படிந்து சொட்டி, பக்கத்தில் இருக்கும் மைசூர்பாகையும் கெடுத்துவிடும். அது ஆறுவதற்கு இரவு வேண்டும். ஆகவே சனிக்கிழமை மாலையோடு அடுப்பு நிற்க வேண்டும். சனி காலை ஏழுக்குப் பிழிய வேண்டுமானால் விடியுமுன்பே உளுந்து ஊற வேண்டும். எவ்வளவு ஊறப்போடுவது என்பதை வெள்ளி இரவே மாஸ்டரிடம் சொல்லியாக வேண்டும். மிஞ்சிய மாவை மறுநாளுக்கு வைக்க முடியாது. புளித்துப் பொங்கிவிடும், இழை நிற்காது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிக்குக் கடைசி நேரம் வெள்ளி இரவு எட்டு மணி. அதற்குமுன் 180 நிரம்பினால் அந்த நிமிஷமே.

நிரம்பியதை அறிவது எப்படி? கடைக்கு நேரில் வருவோர் ஒரு பக்கம், தொலைபேசி ஒரு பக்கம், வாட்ஸ்அப் ஒரு பக்கம். மூன்றுக்கும் மூன்று நோட்டு வைத்தால், ஒவ்வொன்றும் குறைவாகத் தோன்றும். கூட்டினால் மலைக்க வேண்டியிருக்கும். ஆகவே நாளொன்றுக்கு 1 முதல் 180 வரை எண்ணிட்ட சீட்டுக் கட்டு ஒன்றே வைத்திருக்கிறேன். ஆர்டர் எந்த வழியில் வந்தாலும் பெட்டிக்கு ஒரு சீட்டாக அதிலிருந்தே கிழிக்க வேண்டும். அந்த வருஷம் வியாழன் இரவு 112 சீட்டு போயிருந்தது. வெள்ளி காலை ஒரு குடியிருப்புச் சங்கத்தார் ஐம்பது பெட்டி கேட்டார்கள். ஆர்டர் ஒன்றுதான், சீட்டு ஐம்பது. மீதி பதினெட்டும் மாலை ஐந்து மணிக்குள் தீர்ந்தன.

ஐந்தரைக்கு எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். "பத்துப் பெட்டிதானே ஐயா, எப்படியாவது போடுங்கள்" என்றார். பத்துப் பெட்டி என்பது நாற்பது ஜாங்கிரி. மாஸ்டரின் கைக்கு மேலும் இருபது நிமிஷம். அவரைப் போல் இன்னும் ஐவர் வந்தால் இரண்டு மணி நேரம். "ஜாங்கிரி இல்லாமல் மூன்று இனிப்புப் பெட்டி சனி நண்பகல் வரை எழுதிக் கொள்கிறேன். நான்கும் கலந்துதான் வேண்டும் என்றால் வேறு கடையில் கேட்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்றேன். சற்று யோசித்து, மூன்று இனிப்புப் பெட்டிக்கே சம்மதித்தார்.

வாக்குக் கொடுத்த பின்னும் ஒரு காவல் வேண்டும். சனி நண்பகலில், நான்கு மணி நேரப் பிழிதல் முடிந்ததும், தட்டுகளை நிறுத்துப் பார்க்கிறேன். 24 கிலோ இருக்க வேண்டும். 20தான் இருந்தால், அன்றைக்கு மொத்தத்தில் 8 கிலோ குறையும் என்று கொள்ள வேண்டும். உடனே கடையில் ஜாங்கிரியின் சில்லறை விற்பனையை நிறுத்திவிடுகிறேன். அதற்கென்று ஒதுக்கிய 8 கிலோ, முன்பணம் கொடுத்தவர்களின் பெட்டியை நிரப்பிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை 'இல்லை' என்று கேட்டவர் வேறு கடைக்குப் போகலாம். வீட்டிலேயே அடுப்பு மூட்டலாம். ஞாயிறு இரவு 'இல்லை' என்று கேட்டவருக்கு அந்த வழிகள் எதுவும் இல்லை. மறுக்க வேண்டியதை உரிய நாளில் மறுப்பதற்காகவே அந்தப் பலகையைத் தொங்கவிடுகிறோம்.