இரண்டு மாதக் காய்ச்சல்

நான் பீகாரில் முசாபர்பூர் பக்கம் நர்ஸாக வேலை பார்த்தவள். அங்கே ‘காலா அசார்’னு ஒரு காய்ச்சல் உண்டு. மாட்டுக்கொட்டகையிலும் மண்சுவர் விரிசலிலும் தங்குகிற மணல் ஈ கடித்து வருவது. அந்த ஈ கொசுவைவிடச் சின்னது.

ஒரு அம்மா தன் மகனைத் தூக்கிக்கிட்டு வந்தார். இரண்டு மாசமாகக் காய்ச்சல். மலேரியா மருந்து, டைபாய்டு மருந்து எல்லாம் கொடுத்தும் விடவில்லை. பிள்ளை மெலிந்து, வயிறு மட்டும் உப்பியிருந்தது. “பூச்சி வயிறுன்னு சொன்னாங்க சிஸ்டர்” என்றார். இடது விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். மண்ணீரல் கெட்டியாகத் தட்டுப்பட்டது.

விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ‘ஆர்கே39’ பட்டையில் சோதித்தோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடு விழுந்தது. பிள்ளை 20 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், 200 மில்லிகிராம் லைப்போசோமல் ஆம்போடெரிசின். ஒரே தடவை, டிரிப்பில் சுமார் இரண்டு மணி நேரம். சில நாளில் காய்ச்சல் நின்றது.

ஆறு மாசம் கழித்து அந்த அம்மா, “குணமாச்சான்னு மறுபடி அந்த டெஸ்ட் எடுங்க” என்றார். அதுதான் முடியாது. குணமானவருக்கும் அந்தக் கோடு வருஷக்கணக்கில் விழும். காய்ச்சல் திரும்பினால் எலும்பு மஜ்ஜையில் அல்லது மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்துத்தான் கிருமியைப் பார்க்கணும். “தோலில் அரிப்பு இல்லாத வெளிறிய திட்டு வந்தால் உடனே கூட்டிட்டு வாங்க, அதிலிருந்தும் ஈ நோயைப் பரப்பும்” என்று சொல்லி அனுப்பினேன்.

நம்ம ஊரில் வேலைக்கு வந்திருக்கிற பீகார் குடும்பத்தில் யாருக்காவது இரண்டு வாரம் தாண்டிக் காய்ச்சல் நின்றால், டாக்டரிடம் அவங்க சொந்த ஊரையும் சேர்த்துச் சொல்லுங்க.