“இது உன் எழுத்துதானா?” – வீட்டுப்பாடத்தைப் பள்ளி எப்படிச் சோதிக்கிறது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பெற்றோர்களுக்காக ஆங்கில ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். போன மாதம் நம் தெருப் பிள்ளைகள் மூன்று பேரின் டைரியில், “கட்டுரை ஏஐ மூலம் எழுதப்பட்டதாகத் தெரிகிறது, பெற்றோர் வரவும்” என்று எழுதி வந்தது. ஒரு அம்மா என்னிடம் அழுதே விட்டார். “மிஷின்ல போட்டுப் பார்த்தோம், 80 சதவீதம்னு காட்டுதுன்னு சொல்றாங்க டீச்சர்” என்றார். அந்த 80 என்றால் என்ன என்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

சோதிக்கும் மென்பொருளுக்கு உங்கள் பிள்ளை எழுதும்போது என்ன செய்தான் என்று தெரியாது. அது பார்ப்பது எழுத்தை மட்டும்தான். அதில் முக்கியமான ஒன்று: ஒரு சொல்லுக்கு அடுத்த சொல் எவ்வளவு எதிர்பார்த்தபடி வருகிறது. ஏஐ, பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடிய சொல்லையே அடுத்தடுத்துப் போடும். மனிதர்கள் கொஞ்சம் தடம் மாறிப் போவார்கள். ஆகவே எல்லாம் எதிர்பார்த்தபடியே இருந்தால், “இது இயந்திரம்” என்று மென்பொருள் கணிக்கிறது. கணிக்கிறது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பதில்லை.

இப்போது நம் ஊர்ப் பிள்ளை ஆங்கிலம் படிக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். கைடில் உள்ள வாக்கியத்தை மனப்பாடம் செய்கிறான். தெரிந்த இருநூறு முந்நூறு சொற்களை வைத்துப் பத்திரமாக எழுதுகிறான். அவன் எழுதும் அடுத்த சொல் எது என்று நானே சொல்லிவிடுவேன். மென்பொருள் சொல்லாதா? 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களில் போட்டார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளையோ கிட்டத்தட்டச் சரியாகவே கணித்தன. கைடு படித்து எழுதும் நம் பிள்ளைகள் எந்தப் பக்கம் விழுவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு சோதனைக் கருவி வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. இதை நூறு பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர் உண்மையாகவே ஏஐ-யில் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மாட்டுவது ஐந்து பேர். ஒழுங்காக எழுதிய எண்பது பேரில் மாட்டுவது ஏழு பேர். ஆக, டைரியில் எழுதி அனுப்பப்படும் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் தவறே செய்யாதவர்கள்! துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியை அவர்களே எடுத்துவிட்டார்கள். பிறகு வந்தவற்றில் சில இதைவிட மேலானவைதான். ஆனாலும் கணிப்பு கணிப்புதான். மருத்துவர் கை வைத்துப் பார்த்து “காய்ச்சல் மாதிரி இருக்கு” என்பது போல. அதை வைத்தே ஊசி போட முடியாது.

சாட்ஜிபிடியிடமே கட்டுரையைக் கொடுத்து “நீயா எழுதினாய்?” என்று கேட்கும் ஆசிரியர்களும் உண்டு. 2023 மே மாதம் டெக்சாஸில் ஒரு பேராசிரியர் அப்படிக் கேட்டு, ஒரு வகுப்பு மாணவர்களையே சிக்கலில் மாட்டிவிட்டார். தான் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்று அதற்கு நினைவு கிடையாது. எதைக் கொடுத்தாலும் “ஆம்” என்று சொல்லிவிடக்கூடும்.

அப்படியானால் எதுதான் ஆதாரம்? மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹிங்ஹாம் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி வழக்கைச் சொல்கிறேன். பள்ளி செய்தது சரியா என்று நீதிமன்றமே அலசியதால் நமக்கு இது உதவும். ஒரு மாணவனும் அவன் கூட்டாளியும் வரலாற்றுப் பாடத்துக்காகக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பாரைப் பற்றி எழுதினார்கள். முதலில் மென்பொருள் கொடியைக் காட்டியது. ஆசிரியை அதோடு நிற்கவில்லை. அவர்கள் எழுதிய கணினிக் கோப்பின் திருத்த வரலாற்றைத் திறந்தார். மற்ற பிள்ளைகள் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் உழைத்திருக்க, இந்த மாணவன் அந்தக் கோப்பில் இருந்தது சுமார் 52 நிமிடம். பெரிய பெரிய பகுதிகள் ஒரேயடியாக ஒட்டப்பட்டிருந்தன. மேற்கோள் காட்டிய புத்தகங்களில் சில உலகத்திலேயே இல்லை. ஏஐ இட்டுக்கட்டியவை. அதற்கு முன்பே பள்ளி, ஏஐ பற்றிய விதியை மாணவர்களுக்கு எழுத்தில் கொடுத்திருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஏஐ-யைத் தொட்டதை அவர்கள் மறுக்கவில்லை. அதைத் தடுக்கும் விதி இல்லை என்றார்கள். 2024 நவம்பரில் நீதிபதி பள்ளியின் முடிவில் தலையிட மறுத்துவிட்டார்.

இங்கே கவனியுங்கள். அந்த வழக்கில் பள்ளியைக் காப்பாற்றியது மென்பொருளின் சதவீதம் அல்ல. எழுதிய தடம், இல்லாத புத்தகம், முன்கூட்டியே சொன்ன விதி, இவை மூன்றும் சேர்ந்துதான்.

“அங்கே கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள், நம் பிள்ளை நோட்டில் அல்லவா எழுதுகிறான்” என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. போனைப் பார்த்து நோட்டில் எழுதினால் தடம் இருக்காது. அதனால் என் வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். சென்ற பருவத்தில் “திருச்சுழி” என்று ஒரு கட்டுரை கொடுத்தேன். ஒரு மாணவி, அது தாமிரபரணிக் கரையில் இருப்பதாக எழுதியிருந்தாள். குண்டாற்றுக் கரையில் இருக்கிற ஊர்! அவள் பேருந்தில் தினமும் அந்தப் பக்கம் போய் வருகிறவள். சந்தேகம் வந்தது. ஆனால் தவறான தகவல் மட்டுமே ஆதாரம் ஆகாது. பழைய நோட்ஸிலிருந்தும் வந்திருக்கலாம். முதலில் அவள் வகுப்பில் என் கண்ணெதிரே எழுதிய தேர்வுத் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். நடையில் வித்தியாசம் பெரிதாக இருந்தது. பிறகு கட்டுரையை அவள் கையிலேயே கொடுத்து, ஐந்து நிமிடம் படிக்கச் சொல்லி, தமிழிலேயே கேட்டேன். “இந்தப் பத்தியில் என்ன சொல்ல வந்தாய்? இந்தச் சொல்லுக்கு வேறு சொல் போடேன்.” கண்ணீர் வந்தது, பதில் வரவில்லை. அண்ணன் போனில் எடுத்துக் கொடுத்ததாக அவளே சொன்னாள். பூஜ்யம் போடவில்லை, வகுப்பில் உட்கார வைத்துத் திரும்ப எழுத வைத்தேன்.

இந்தக் கேள்வி முறையிலும் குறை உண்டு. கூச்சப்படும் பிள்ளை, தானே எழுதியிருந்தாலும் ஹெட்மாஸ்டர் அறையில் நின்றால் வாயடைத்துப் போவான். ஆகவே தெரிந்த ஆசிரியர் தனியாக, தாளைக் கையில் கொடுத்து, தாய்மொழியில் கேட்க வேண்டும். அப்படி நடந்ததா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

உங்களைக் கூப்பிட்டால் கையில் கொண்டு போக வேண்டியது ரஃப் நோட்டு. அடித்துத் திருத்திய பக்கத்தைக் கிழித்துப் போட விடாதீர்கள்; அந்த அடித்தல்தான் பிள்ளைக்குச் சாட்சி. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் File-க்குள் Version history என்று இருக்கும், அதைத் திறந்து காட்டுங்கள். வேறெங்கோ எழுதி அதில் கடைசியில் ஒட்டினால் அந்தத் தடம் கிடைக்காது என்பதையும் பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். பள்ளியிடம் எந்த வாக்கியங்கள் மீது சந்தேகம், ஏஐ கூடாது என்று எப்போது அறிவித்தீர்கள் என்று கேளுங்கள். அக்கா எழுத்துப்பிழை திருத்தினாள், டியூஷன் சார் ஒரு பத்தி சொல்லிக் கொடுத்தார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் தெரிய வந்தால் மீதி உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த மூன்று வீட்டாரும் இங்கே வந்திருக்கிறீர்கள். டைரியையும் ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டு கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.