தட்டுல விளையாட்டு, வயித்துல காய்



அங்கன்வாடியில் வேலை செய்கிற என்னிடம் தாய்மார்கள் அதிகம் கேட்பது, "டீச்சர், நாலு வயசாச்சு, காயைக் கண்டாலே தட்டைத் தள்ளுறான், என்ன பண்றது?" என்பதுதான். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, தெரியாத உணவைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவது சகஜம். அது பிடிவாதம் இல்லை. ஒரே காயைப் பத்து, பதினைந்து தடவை பார்த்து, தொட்டு, ருசித்த பிறகுதான் பல பிள்ளைகளுக்கு அது பழக்கமாகும். நாமோ மூணு தடவை வைத்துவிட்டு, "இவனுக்குப் பிடிக்காது" என்று நிறுத்திவிடுகிறோம்.

விளையாட்டு எதற்கு என்றால், அந்தப் பதினைந்து தடவையைச் சண்டை இல்லாமல் கடப்பதற்கு. "ரயில் வருது, வாயைத் திற" என்று சொல்லி உள்ளே தள்ளுவதை நான் விளையாட்டு என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் ஏமாறுவான்; மூன்றாம் நாள் ரயிலைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான்.

எங்கள் மையத்தில் ஒரு பையன். சோறும் அப்பளமும் மட்டும்தான் இறங்கும். அவன் அம்மாவும் நானும் பேசி, ஒரே ஒரு காயை எடுத்துக்கொண்டோம். வீட்டு வேலியில் காய்த்த அவரைக்காய். முதல் மூணு நாள் சாப்பிடும் பேச்சே இல்லை. காயைத் துணிப்பைக்குள் போட்டு, கண்ணை மூடிக் கையை விட்டு "உள்ளே என்ன?" என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. அப்புறம் அம்மாவோடு உட்கார்ந்து நார் உரித்தான். பாதிக் காய் தரையில் கிடந்தது, பரவாயில்லை.

நாலாம் நாளிலிருந்து தட்டின் ஓரத்தில் நன்றாக வெந்த இரண்டே துண்டு. ஒரு கரண்டி வைத்தால் பார்த்ததுமே மிரண்டுபோவான். அப்போது 'மிருக விளையாட்டு'. நாய்க்குட்டி மாதிரி மோந்து பார்க்கணும். பூனை மாதிரி நாக்கால் தொடணும். எலி மாதிரி நுனியைக் கடிக்கணும். எந்த மிருகம் என்று அவனே சொல்லுவான், அம்மாவும் கூடவே செய்வார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், பிடிக்காவிட்டால் துப்பிக்கொள்ளலாம். துப்பலாம் என்று தெரிந்தபிறகுதான் வாயில் வைக்கவே அவனுக்குத் தைரியம் வந்தது. நாலு நாள் நாய்க்குட்டியோடு நின்றான். எட்டாம் நாள் பூனை. பத்தாம் நாள் எலி, கடித்துத் துப்பினான். பதிமூன்றாம் நாள் ஒரு துண்டு உள்ளே போனது. அம்மா கை தட்டவில்லை, "மொறுமொறுன்னு இல்ல, மெத்துன்னு இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். அதிகம் புகழ்ந்தாலும் பிள்ளைக்கு அது ஒரு பரீட்சை ஆகிவிடும்.

இடையில் காய்ச்சல் வந்து, திரும்பவும் நாய்க்குட்டியிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். அப்படித்தான் நடக்கும். இப்போது அவரைக்காய் சாப்பிடுகிறான், கத்தரிக்காயைத் தொடமாட்டான். ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகத்தான் பழக்கணும்.

இது கெட்டுப்போவது எதனால்? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் பாலும் பிஸ்கட்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன்னாடியே அதை நிறுத்திடுங்க, பசிக்காத பிள்ளைக்கு எந்த விளையாட்டும் பலிக்காது. இன்னொன்று, "காயைத் தின்னா மிட்டாய் தர்றேன்" என்பது. காய் தண்டனை, மிட்டாய் பரிசு என்று பிள்ளை படித்துக்கொள்ளும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் தட்டை இழுக்காதீங்க, எடுத்துடுங்க. செல்போனும் வேண்டாம், அதைப் பார்த்துக்கொண்டே முழுங்கினால் ருசியே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. பச்சைக் கேரட்டைத் துண்டாகக் கொடுத்துச் 'சத்தம் வருதா' என்று விளையாட வேண்டாம், தொண்டையில் அடைக்கும். வேகவைத்துக் கொடுங்கள். பிள்ளை ஓடிக்கொண்டோ, படுத்துக்கொண்டோ சாப்பிடக் கூடாது.

எல்லாம் விளையாட்டில் சரியாகிவிடாது. எடை ஏறாமல் நின்றால், எதை வாயில் வைத்தாலும் குமட்டி வாந்தி எடுத்தால், முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், மண்ணோ பல்பமோ தின்றால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். மண் தின்பது இரத்தசோகையாலும் இருக்கலாம்.

நாளைக்கே உங்க வீட்டில் ஒரு காய், இரண்டு துண்டு. ஒவ்வொரு நாளும் எந்த மிருகம் வரைக்கும் வந்தான் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு அந்தக் காலண்டரை எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.