வயித்துப்போக்கு இருக்கும்போது இபுப்ரோஃபென் ஏன் வேண்டாம்?

போன மாசம் ஒரு ராத்திரி 11 மணிக்கு அக்கா போன் பண்ணினா. பாப்பாவுக்குப் பதினொரு மாசம், எடை 8 கிலோ. காலையிலேர்ந்து ஏழெட்டு தடவை வயித்துப்போக்கு, இப்போ 102 டிகிரி ஜுரம். "டேய், போன தடவை சளி ஜுரத்துக்கு வாங்கின சிரப் இருக்கு. அதையே குடுக்கட்டுமா?"

லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 5 மில்லியில பாராசிட்டமால் 162.5 மில்லிகிராம், கூடவே இபுப்ரோஃபென் 100 மில்லிகிராம். பேரை மட்டும் பார்த்தா ரெண்டு மருந்து இருக்குன்னே தெரியாது. நான் டாக்டர் இல்லையே, அதனால குழந்தை டாக்டரை லைன்ல சேர்த்தேன். அவர் ஜுரத்தைப் பத்தி முதல்ல கேட்கவே இல்லை. "கடைசியா எப்போ யூரின் போச்சு?"ன்னார். சாயந்திரம் 4 மணிக்கு மாத்தின டயப்பர் இன்னும் காய்ஞ்சே இருந்தது. அழுதா கண்ணீரும் வரலை.

"அந்த சிரப் வேண்டாம். ஓஆர்எஸ் ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே கிளம்பி வாங்க"ன்னு சொல்லிட்டார்.

காரணத்தை அப்புறம் அவர்கிட்டயே கேட்டேன். உடம்புல தண்ணி குறைஞ்சா, ரத்த நாளங்கள் சுருங்கும். அப்பவும் கிட்னிக்குள்ள ரத்தம் நுழையிற சின்னக் குழாயைத் திறந்து வைக்கிறது ப்ரோஸ்டாகிளான்டின்ங்கிற பொருள். நம்ம ஊர் பாஷையில அதுதான் பேக்கப். இபுப்ரோஃபென் ஜுரத்தையும் வலியையும் குறைக்கிறதே இந்த ப்ரோஸ்டாகிளான்டின் உற்பத்தியைத் தடுத்துதான். நல்லா தண்ணி குடிக்கிற குழந்தைக்கு அது பெரிசா தெரியாது. தண்ணி வத்தின குழந்தைக்கு பேக்கப்பும் போயிடும், கிட்னி வடிகட்டுறது சட்டுன்னு இறங்கிடும். அளவு சரியா குடுத்திருந்தாலும் இது நடக்கலாம். வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கிற, பால் குடிக்க மறுக்கிற குழந்தைக்கும் இதே கதைதான்.

ரொம்பச் சின்னக் குழந்தைக்கு கிட்னியே இன்னும் முழுசா வேகம் பிடிச்சிருக்காது. அதனாலதான் வயசு வரம்பு. அமெரிக்காவுல 6 மாசத்துக்குக் கீழே டாக்டர் சொல்லாம குடுக்கக் கூடாது. பிரிட்டன்ல 3 மாசம் தாண்டியிருக்கணும், எடையும் 5 கிலோவுக்கு மேல இருக்கணும். இங்கே 6 மாசம்னு வச்சுக்கிறது பாதுகாப்பு. ஆனா எங்க பாப்பாவுக்குப் பதினொரு மாசம், கவனிச்சீங்களா? வயசு பாஸ், தண்ணில ஃபெயில். 3 மாசத்துக்குக் கீழே 100.4 டிகிரி வந்தாலே எந்த சிரப்பும் தேடாம நேரா ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் இருந்தாலும் இபுப்ரோஃபென் கூடாது, அங்கே ரத்தக்கசிவு பயமும் சேரும்.

ஆஸ்பத்திரியில பாராசிட்டமால் மட்டும் குடுத்தாங்க. கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்குல 120. மீதி நேரமெல்லாம் ஓஆர்எஸ்தான். விடிகாலை 3 மணிக்கு அக்காகிட்டேர்ந்து ஒரே வார்த்தையில மெசேஜ்: "நனைஞ்சிருச்சு."