அரசு ஊழியரும் நிர்வாகத் தீர்ப்பாயமும்



குமுளிக் கடைத்தெரு முடியும் இடத்தில் கேரள மாநிலமும் முடிந்துவிடுகிறது. சோதனைச் சாவடியைக் கடந்து மலைப்பாதையில் இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர் எனத் தேனி மாவட்டத்து ஊர்கள் வருகின்றன. இவ்வெல்லையின் இருமருங்கிலும் அரசாங்கப் பணியில் உள்ளோர் பலர். அஞ்சலகத்தில் ஒருவர், வனத்துறையில் ஒருவர், அரசுப் பள்ளியில் ஒருவர் என்று அவர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். பணி தொடர்பாக ஒரு குறை நேர்ந்துவிட்டால் அவர்கள் ஏறவேண்டிய படிகள் மட்டும் வெவ்வேறாக இருக்கின்றன. அதனைப் பற்றியே நாம் இன்று பேச எண்ணுகிறோம்.

1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்புச் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 323-ஏ என்னும் பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. அரசு ஊழியரின் நியமனம், ஊதியம், பதவி உயர்வு, தண்டனை ஆகியவை பற்றிய வழக்குகளைச் சாதாரண நீதிமன்றங்களுக்குப் புறம்பே ஒரு தனி மன்றம் தீர்க்கலாம் என்பது அதன் கருத்து. அதற்கேற்ப 1985-ஆம் ஆண்டில் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் நிறுவப்பட்டது. சட்டமறிந்த உறுப்பினர் ஒருவரும் நிர்வாகத்தில் பழகிய உறுப்பினர் ஒருவரும் சேர்ந்தமர்ந்து விசாரிப்பது அதன் முறை. கட்சிக்காரர் வழக்கறிஞரை அமர்த்தலாம். தாமே நின்று வாதாடவும் தடையில்லை. மத்தியத் தீர்ப்பாயத்தில் மனுவுக்கு 1987-ஆம் ஆண்டு விதிகள் குறித்த கட்டணம் 50 ரூபாய்தான்.

குமுளி அஞ்சலக ஊழியர் மத்திய அரசைச் சேர்ந்தவராதலால், எர்ணாகுளத்தில் உள்ள மத்தியத் தீர்ப்பாயக் கிளைக்குச் செல்லவேண்டும். கேரள வனத்துறைக் காவலர் 2010-ஆம் ஆண்டில் அமைந்த கேரள நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகவேண்டும். மலைக்குக் கீழே கூடலூரில் பணிபுரியும் தமிழக அரசு ஊழியருக்கோ தீர்ப்பாயமே இல்லை. 1988-இல் தொடங்கிய தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் 2006-இல் கலைக்கப்பட்டது. அங்கு நிலுவையில் இருந்த வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு மாறின. எனவே அவர் மதுரைக்கே, உயர் நீதிமன்றக் கிளைக்கே, போகவேண்டியவராகிறார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முல்லைப் பெரியாறு அணையைப் பராமரிக்கும் தமிழகப் பொறியாளர்கள் தேக்கடியில், அதாவது கேரள மண்ணில், பணியாற்றுகின்றனர். ஆயினும் கேரளத் தீர்ப்பாயத்துக்கு அவர்கள்மீது அதிகாரம் இல்லை. மண் யாருடையது என்பதன்று, ஊதியம் தருபவர் யார் என்பதே இங்கே கேள்வி.

எந்த வாசல் என்பதைக் கேட்டறிந்துகொள்ளலாம். எப்பொழுது என்பதில்தான் பலர் வழக்கை இழக்கின்றனர். ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். குமுளி அஞ்சலகத்துக் குமாஸ்தா ஒருவர்மீது கணக்கில் தவறு செய்ததாகக் குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, 2023 ஜனவரி 10-ஆம் நாள் அவருடைய ஊதியத்தை மூன்று படிகள் குறைத்து உத்தரவிட்டார்கள். உத்தரவு அன்றே அவர் கையில் கிடைத்தது. அவர் உடனே எர்ணாகுளத்துக்கு ஓட இயலாது. துறைக்குள் உள்ள பரிகாரத்தை முதலில் நாடியிருக்க வேண்டும் என்று சட்டத்தின் 20-ஆவது பிரிவு கூறுகிறது. மத்திய அரசு ஊழியருக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி மேல்முறையீட்டுக்கு 45 நாள் தவணை. நம் குமாஸ்தா பிப்ரவரி 20-ஆம் நாள் அதனை அனுப்பிவிட்டார். மேலதிகாரி ஜூன் 5-ஆம் நாள் அதைத் தள்ளுபடி செய்தால், அன்றிலிருந்து ஓராண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யவேண்டும்.

மேலதிகாரி பதிலே எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் மிகவும் நேர்வது இதுதான். அப்பொழுது ஆறு மாதம் காத்திருக்கவேண்டும். ஆகஸ்டு 20-ஆம் நாளோடு அது முடிகிறது. அதன்பின் ஓராண்டு, அதாவது 2024 ஆகஸ்டு 20 வரை, வாசல் திறந்திருக்கும். ஆனால் நம்மவர் என்ன செய்கிறார்? பணிவுடன் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறார், பின்னர் இன்னொன்று, பின்னர் புதிதாக வந்த அதிகாரிக்கு மற்றொன்று. கடிதம் போய்க்கொண்டிருக்கும்வரை வழக்கும் உயிரோடு இருக்கிறதென்பது அவர் நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை. விதிகளில் இடமில்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதனால் காலக்கெடு நீளாது என்று 1989-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் ரத்தோர் வழக்கில் தெளிவாக்கியது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். நினைவூட்டுக் கடிதங்களின் கட்டு அத்தகைய காரணமாகாது.

தமிழகத்துச் சுரங்கத் துறை வழக்கொன்று இதனை நன்கு விளக்குகிறது. 1982-இல் பணி நீங்கிய ஓர் ஊழியர், 18 ஆண்டுகள் கழித்து, 2000-இல் துறைக்கு மனுக் கொடுத்தார். பின்னர் அப்பொழுது இருந்த தமிழ்நாடு தீர்ப்பாயத்தை அணுகினார். அது வழக்கின் நியாயத்துக்குள் புகாமல், “மனுவைப் பரிசீலிக்கவும்” என்று துறைக்கு உத்தரவிட்டது. துறை பரிசீலித்து 2002-இல் மறுத்தது. அம்மறுப்பையே புதிய வழக்குக்குக் காரணமாக்கிக்கொண்டு அவர் மீண்டும் வழக்காடினார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளியது. பரிசீலிக்கும்படி ஒரு மன்றம் சொன்னதனால் செத்துப்போன கோரிக்கைக்கு உயிர் வந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். “பரிசீலிக்கவும்” என்னும் உத்தரவு கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அது எவருக்கும் எதனையும் கொடுப்பதில்லை என்பது நம் கருத்து.

ஊதியத்தைத் தவறாகக் கணக்கிட்டு மாதந்தோறும் குறைத்துக் கொடுப்பது வேறு வகை. ஒவ்வொரு மாதமும் தவறு புதுப்பிக்கப்படுவதால் பிந்தி வந்தவருக்கும் பரிகாரம் உண்டு. ஆனால் பழைய பாக்கி பொதுவாக மனுவுக்கு முந்திய மூன்று ஆண்டுக்கே கிடைக்கும். இதுவும் 2008-ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பில் கூறப்பட்டது.

சரி, குமாஸ்தா காலத்தில் வந்துவிட்டார். தீர்ப்பாயம் எதைப் பார்க்கும்? பணம் குறைந்ததா இல்லையா என்று சாட்சிகளை மறுபடி எடைபோடாது. விசாரணை முறையாக நடந்ததா, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் தந்தார்களா, சாட்சியமே இல்லாத முடிவா, தண்டனை மனச்சாட்சியை அதிர்ச்சியுறச் செய்யும் அளவு கடுமையானதா என்பவற்றையே பார்க்கும். விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே ஊழியருக்குக் கொடுத்துப் பதில் கேட்கவேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நகல் கொடுக்கப்படவில்லை, அதனால் தமக்குப் பாதகம் நேர்ந்தது என்று குமாஸ்தா காட்டிவிட்டால் தண்டனை நீங்கும். ஆனால் குற்றச்சாட்டு நீங்காது. நகல் கொடுக்கவேண்டிய கட்டத்திலிருந்து துறை விசாரணையை மீண்டும் தொடரலாம். வென்றேன் என்று வீட்டுக்கு வந்தவர், சில வாரங்களில் அதே அறிக்கையின் நகலைக் கையொப்பமிட்டு வாங்க நேரிடும்.

தீர்ப்பாயமே முடிவான இடமும் அன்று. உயர் நீதிமன்றத்தை விலக்கிவைக்கவே 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முயன்றது. 1997 மார்ச்சு மாதம் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அவ்விலக்கை ரத்துச் செய்தது. ஆகவே தோற்றவர், அவர் ஊழியராயினும் துறையாயினும், உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வுக்குச் செல்லலாம். குமுளி அஞ்சலகக் குமாஸ்தாவுக்கு அது எர்ணாகுளத்திலேயே இருக்கிறது. அந்த மனுவுக்கு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் நாள் எதுவும் குறிக்கவில்லை. எனினும் காரணமின்றித் தாமதித்து வருபவரை உயர் நீதிமன்றமும் திருப்பி அனுப்பக்கூடும்.