துவாக்குடியில் ழகரத்தைத் தேடி



இந்தக் கருத்தரங்கில் நாம் ஒரே ஓர் ஒலியைத் தேடிப் போகிறோம். பாட்டி ‘வாழைப்பழம்’ என்று சொல்லும் வீட்டில் பேத்தி ‘வாளப்பளம்’ என்று சொன்னால், இந்த ஊரில் ழகரம் ளகரமாகிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டலாமா? எப்போது கட்டலாம், எப்போது கட்டக் கூடாது என்பதைப் பற்றியே என் உரை.

ஒலி மாற்றம் ஒன்று ஊரெங்கும் பரவத் தலைமுறைகள் ஆகும். அத்தனை காலம் எந்த ஆய்வாளரும் காத்திருக்க முடியாது. அதனால் இன்று ஒரே ஊரில் வாழும் 70, 45, 20 வயதுக்காரர்களை ஒரே பருவத்தில் பதிவு செய்து, அவர்களையே காலத்தின் மூன்று படிகளாக வைத்துப் பார்க்கிறோம். தோற்றக் காலம் என்பது இதுதான். ஒருவருடைய உச்சரிப்பு இளமை முடிவதற்குள் பெரும்பாலும் படிந்துவிடும், பிறகு அதிகம் அசையாது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த முறை நிற்கிறது.

அந்த நம்பிக்கைக்கு மிகப் பழைய சோதனை சுவிட்சர்லாந்தின் ஷார்மே என்ற மலைக் கிராமத்தில் நடந்தது. லூயி கோஷா அங்கே மூன்று தலைமுறையினரின் பேச்சைக் கேட்டு, சில ஒலிகள் வயதுக்கேற்ப மாறுவதைக் கண்டு, 1905இல் வெளியிட்டார். பின்னர் ஹெர்மன் என்ற மொழியியலாளர் அதே ஊருக்குப் போய்ப் பார்த்து, 1929இல் வெளியிட்டார். சில ஒலிகள் கோஷா கண்ட திசையிலேயே மேலும் நகர்ந்திருந்தன. ஆனால் ஓர் ஒலி மட்டும் முன்பு ஊசலாடியது போலவே ஊசலாடிக்கொண்டிருந்தது. அந்த ஓர் ஒலியைத்தான் நாம் மறக்கக் கூடாது. வயது வேறுபாடு இருப்பதாலேயே மாற்றம் நடக்கிறது என்று ஆகாது.

துவாக்குடியில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 1960களில் பக்கத்தில் பெல் ஆலையும் இங்கே மண்டலப் பொறியியல் கல்லூரியும் வந்தன. வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து குடியேறினார்கள். குமரி மாவட்டத்துக்காரர் நாக்கில் ழகரம் நன்றாக நிற்கும். மதுரை, நெல்லைப் பக்கத்தவர் பலரிடம் அது ளகரம். வட மாவட்டங்களில் ‘பழம்’ பல வாய்களில் ‘பயம்’ ஆகும். இப்போது அவர்களின் குடியிருப்பில் நாகர்கோவிலிலிருந்து வந்த 75 வயதுப் பெரியவரையும், இங்கேயே பிறந்த 20 வயதுப் பேரனையும் பதிவு செய்து ஒப்பிட்டால், நாம் அளப்பது காலத்தை அல்ல. நாகர்கோவிலுக்கும் துவாக்குடிக்கும் உள்ள தூரத்தை. ஆகவே பழைய ஊர்ப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர்களைத் தனித் தொகுதியாகவும், குடியிருப்பாரை மற்றொரு தொகுதியாகவும் வையுங்கள். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணை போட்டால் அந்த அட்டவணை பொய் சொல்லும்.

இரண்டாவது சிக்கல் பள்ளிக்கூடம். ஆசிரியர் முன்னால் பாடம் படிக்கும் சிறுமி ழகரத்தைத் திருத்தமாக ஒலிப்பாள். விளையாட்டுத் திடலில் அதே சிறுமி ‘கீள விளுந்துட்டா’ என்பாள். நாம் சிறுவர்களைப் படிக்கச் சொல்லியும் பாட்டிகளைப் பேசச் சொல்லியும் பதிவு செய்தால், சிறுவர்களிடம் ழகரம் செழிப்பாக இருப்பதாகவும், பள்ளிக்கே போகாத பாட்டிகளிடம் அது அழிந்ததாகவும் தெரியும். மாற்றத்தின் திசையே தலைகீழாகிவிடும். எனவே ஒவ்வொருவரிடமும் முதலில் மனம் விட்ட பேச்சு. கோயில் திருவிழா, மழை வெள்ளம், பழைய பேருந்துப் பயணம் என்று அவர்கள் தாமாகச் சொல்லும் கதை. சொற்பட்டியலைக் கடைசியில் எடுங்கள். ஒளி–ஒழி, கிளி–கிழி, வாள்–வாழ் போன்ற இணைகள் அங்கே வரட்டும்.

அந்த இணைகளில் ஒரு தடயம் கிடைக்கும். ஒருவர் ‘கிளி’ என்பதை ‘கிழி’ என்று திருத்திச் சொன்னால், அவர் காதில் இரண்டு ஒலிகளும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. எந்தச் சொல்லில் எது வரும் என்பதைப் பள்ளிக்கூட நினைவிலிருந்து ஊகிக்கிறார். ழகரம் கேட்டதே என்று அவரை அதைக் காத்தவர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். காது ஏமாறும் இடத்தில் கணினியில் ஒலிவரைபடத்தைப் பாருங்கள். ழகரத்தில் மூன்றாம் ஒலியலைப் பட்டை தாழ்ந்து இரண்டாவதை நெருங்கி வரும். ளகரத்தில் அந்த நெருக்கம் குறைவு.

இவ்வளவும் செய்தாலும் கிடைப்பது தோற்றக் காலம்தான். இன்று ளகரம் சொல்லும் இளைஞர் நாற்பது வயதில், பிள்ளைகளைத் திருத்தும் தாயாகவோ தந்தையாகவோ ஆனபின், ழகரத்துக்குத் திரும்பலாம். அப்படியானால் அது வயதோடு வந்து வயதோடு போகும் பழக்கம்; மொழியின் மாற்றமல்ல. இரண்டையும் பிரித்தறியப் பழைய பதிவு வேண்டும். திருச்சி வானொலி 1939 முதல் இருக்கிறது என்றாலும், ஒலிவாங்கி முன் பேசும் குரல் தெருப் பேச்சுக்குச் சாட்சியாகாது. அதனால் நாளைய ஆய்வாளருக்குப் பழைய பதிவாக இருக்கப்போவது நம்முடையதுதான்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை களத்துக்குப் போகிறவர்கள், ஒவ்வோர் ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் பதிவு நாள், பேசுபவர் பிறந்த ஆண்டு, வளர்ந்த ஊர், பெற்றோரின் ஊர் ஆகிய நான்கையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகு கேள்வியைத் தொடங்குங்கள்.